மெனுவில் ஐந்து உருப்படி, கையில் ஒரே ஃபைல்: வீட்டு டிவிடிகளைக் கணினிக்கு மாற்றும்போது வரும் கோளாறுகள்

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் தமிழ் வீடுகளில் ஷோகேஸைத் திறந்தால் இரண்டு டிவிடியாவது இருக்கும். ஒன்று பெண்ணின் அரங்கேற்றம், இன்னொன்று யாருடையதாவது கல்யாணம். அதைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் பழைய டிவியோடு போய்விட்டது. புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது. யூஎஸ்பி டிரைவ் ஒன்று என்னிடம் இருப்பது கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டதால், டிஸ்க்குகள் என் வீட்டுக்கு வருகின்றன. வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே ஆறேழுதான். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

இது ஸ்டுடியோக்காரர் நமக்காக எழுதிக் கொடுத்த டிஸ்க்குகளைப் பற்றியது. அவற்றில் பூட்டு எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் பூட்டு உண்டு. வீடியோவை மாற்றித் தரும் HandBrake என்ற மென்பொருள் தன்னால் அதைத் திறக்காது, படம் பச்சைக் கட்டங்களாக வரும் அல்லது எதுவுமே வராது. அந்த வழிக்கு இங்கே நான் போகவில்லை.

உதாரணத்துக்கு ஒரே டிஸ்க்கைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். ஓர் அரங்கேற்றத்தின் முதல் டிஸ்க். மெனுவில் ஐந்து உருப்படி: புஷ்பாஞ்சலி 6:10, அலாரிப்பு 5:20, ஜதிஸ்வரம் 9:45, சப்தம் 14:05, வர்ணம் 38:30. கூட்டினால் 1 மணி 13 நிமிடம் 50 விநாடி. இந்த ஐந்து எண்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை VLC-யில் போட்டு, மெனுவிலிருந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தால் பத்து நிமிட வேலை. பின்னால் வரும் பாதிச் சந்தேகங்கள் அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

## அறிகுறி 1: வர்ணம் நாலு துண்டாக வந்திருக்கிறது

மூன்றாம் மாடி மாமி பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். "கடைக்காரன் காப்பி பண்ணிக் கொடுத்தாம்ப்பா. ஜதிஸ்வரம் பாதியில நின்னு போறது. வர்ணத்தை எங்க தேடறதுன்னே தெரியல."

பென்டிரைவில் இருந்தவை VTS_01_1.VOB முதல் VTS_01_5.VOB வரை ஐந்து ஃபைல்கள். உருப்படியும் ஐந்து, ஃபைலும் ஐந்து. அதனால் மாமிக்கு மட்டுமில்லை, கடைக்காரருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டிவிடியில் ஒரு VOB ஃபைல் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. எழுதும் மென்பொருள் 1 ஜிபி ஆனதும் அப்படியே வெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்கும். அங்கே பாட்டு முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை.

இந்த டிஸ்க்கில் ஒரு VOB ஏறத்தாழ 18 நிமிடம் ஓடியது. ஜதிஸ்வரம் 11:30-க்குத் தொடங்கி 21:15-க்கு முடிகிறது. அதனால் முதல் ஃபைல் அதன் நடுவில் அறுந்தது. வர்ணம் 35:20-க்குத் தொடங்குகிறது. இரண்டாவது ஃபைலின் கடைசி அரை நிமிடத்தில் ஆரம்பித்து, மூன்றாவது, நான்காவது முழுக்க ஓடி, ஐந்தாவதில் போய் முடிந்தது. நாலு துண்டு வந்த கதை இதுதான்.

எப்படி உறுதி செய்வது? ஃபைல் அளவுகளைப் பாருங்கள். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே அளவில், 1 ஜிபியை ஒட்டி இருந்தால் இது அளவுக்காக வெட்டியதுதான்.

செலவில்லாத தீர்வு: VOB-களைத் தனித்தனியாகத் தொடாதீர்கள், பெயர் மாற்றி .mpg ஆக்கவும் வேண்டாம். டிஸ்க்கையோ முழு VIDEO_TS ஃபோல்டரையோ MakeMKV-யிடமோ HandBrake-இடமோ கொடுங்கள். எந்தத் துண்டு எதோடு சேரும் என்ற கணக்கு .IFO ஃபைல்களில் இருக்கிறது, இந்த மென்பொருள்கள் அதைப் படித்துச் சேர்த்துவிடும். பென்டிரைவில் .IFO இல்லாமல் வெறும் VOB மட்டும் வந்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். டிஸ்க்கை வாங்கி முதலிலிருந்து எடுங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், நான் முதலில் MakeMKV-யில்தான் எடுப்பேன். அது படத்தை மறுபடி சுருக்காமல் உள்ளதை உள்ளபடி MKV-க்குள் வைக்கிறது, சாப்டர்களும் கூடவே வரும். டிஸ்க் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாத நிலையில் மூலத்தைக் கெடுக்காமல் ஒரு பிரதி வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னதாக்குவதெல்லாம் அப்புறம் HandBrake-இல் ஆற அமரச் செய்யலாம்.

## அறிகுறி 2: மெனுவில் ஐந்து உருப்படி, வந்தது ஒரே ஃபைல்

மூன்று காரணங்கள் இருக்கலாம். எளிதிலிருந்து பார்ப்போம்.

முதல் காரணம்: அவை டைட்டில்கள், அதாவது தனித்தனி வீடியோக்கள், இல்லை; ஒரே வீடியோவுக்குள் தாவுவதற்கு வைத்த குறிகள், அதாவது சாப்டர்கள். பத்தில் எட்டு முறை இதுதான். ஸ்டுடியோக்காரர் முழு நிகழ்ச்சியையும் ஒரே டைட்டிலாக வைத்துவிட்டு, மெனு பொத்தான்களைச் சாப்டர்களுக்குத் தாவும்படி செய்திருப்பார். சோதிப்பது சுலபம். VLC-யில் மெனுவிலிருந்து வர்ணத்தைத் தட்டுங்கள். ஓடத் தொடங்கியதும் மேலே Playback மெனுவில் Title, Chapter இரண்டையும் பாருங்கள். வர்ணத்துக்கும் அலாரிப்புக்கும் Title ஒன்றாகவே இருந்து Chapter மட்டும் மாறினால் விஷயம் முடிந்தது. வந்த ஒரே ஃபைலில் எல்லாம் இருக்கிறது, பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

பிரிப்பதற்கு MKVToolNix என்ற மென்பொருள். சாப்டருக்கு ஒரு ஃபைல் வேண்டும் என்றால், அதிலுள்ள mkvmerge கருவிக்குக் கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கொடுங்கள்:

```
mkvmerge -o arangetram.mkv --split chapters:all title_t00.mkv
```

arangetram-001.mkv, arangetram-002.mkv என்று வரிசையாக வரும். ஐந்துக்குப் பதில் ஆறு வந்து, ஆறாவது அரை விநாடிகூட ஓடாமல் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். சில மென்பொருள்கள் படம் முடியும் இடத்திலும் ஒரு சாப்டர் குறியை வைத்துவிடும். அதை அழித்துவிடலாம்.

இரண்டாவது காரணம்: சின்ன டைட்டில்களை மென்பொருளே ஒதுக்கிவிட்டது. MakeMKV 120 விநாடிக்குக் குறைந்த டைட்டில்களைக் காட்டாது. HandBrake-க்கு அந்த எல்லை 10 விநாடி. குத்துவிளக்கு ஏற்றுவது, குரு வணக்கம் போன்றவை தனி டைட்டிலாக ஒன்றரை நிமிடம் இருந்தால் MakeMKV-யில் சத்தமில்லாமல் காணாமல் போகும். Preferences-இல் Video பகுதியில் Minimum title length என்பதை 5 என்று மாற்றி, டிஸ்க்கை மறுபடி படிக்க வையுங்கள். ஸ்டுடியோவின் சுழலும் லோகோவும் கூட வரும். அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது காரணம்: டிஸ்க்கின் ஒரு பகுதி படிக்கப்படவே இல்லை. தாளில் உள்ள 1:13:50-க்கும் வந்த ஃபைலின் நீளத்துக்கும் பத்து இருபது நிமிடம் வித்தியாசம் இருந்தால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

## அறிகுறி 3: ஒரே காட்சி இரண்டு ஃபைல்களில் இருக்கிறது

இது கல்யாண டிஸ்க்குகளில் அதிகம். ஒன்றை எடுத்தபோது MakeMKV ஐந்து டைட்டில் காட்டியது. முதலாவது 1:17:20. மற்றவை நிச்சயதார்த்தம் 14:20, ஜானவாசம் 11:05, முகூர்த்தம் 32:40, ரிசப்ஷன் 19:15. எல்லாவற்றையும் டிக் செய்து எடுத்தால் 4.1 ஜிபி டிஸ்க்கிலிருந்து 8.2 ஜிபி ஃபைல்கள் வந்தன. டிஸ்க்கில் இருந்ததைவிட அதிகமாக வெளியே வருகிறது என்றால் ஏதோ இரண்டு தடவை வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் முதலில் பார்ப்பதே இந்தக் கணக்கைத்தான்.

நான்கு சின்ன டைட்டில்களையும் கூட்டுங்கள்: 1:17:20. முதல் டைட்டிலும் அதேதான். ஆக முதலாவது மெனுவில் உள்ள Play All பொத்தானுக்கானது. டிஸ்க்கில் படம் ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டு வகை டைட்டில்களும் அதையே சுட்டுகின்றன. ஏதாவது ஒரு வகையை வைத்துக்கொண்டால் போதும். நான் தனித்தனி டைட்டில்களை வைத்துக்கொள்வேன். பாட்டிக்கு முகூர்த்தம் மட்டும்தான் பார்க்க வேண்டும், ரிசப்ஷனில் வரிசையாக நின்று கைகுலுக்கியவர்களை இல்லை.

அழிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஓரிரு விநாடி வித்தியாசம் சகஜம். ஆனால் கூட்டுத்தொகை ஒரு நிமிடத்துக்கு மேல் ஒத்துவரவில்லை என்றால் ஒரு பக்கத்தில் இருப்பது இன்னொரு பக்கத்தில் இல்லை. பெரும்பாலும் கடைசியில் பாட்டோடு ஓடும் ஃபோட்டோ தொகுப்பு Play All-இல் விட்டுப்போயிருக்கும். கண்டுபிடிக்கும்வரை இரண்டையும் வைத்திருங்கள்.

ஃபைல் எண்ணை நம்பி மெனு வரிசையில் பெயர் வைப்பதும் வம்பு. HandBrake டைட்டில்களை 1-இலிருந்து எண்ணும். MakeMKV-யின் ஃபைல் பெயர்கள் t00-இலிருந்து தொடங்கும், ஒதுக்கிய சின்ன டைட்டில்களால் எண் இன்னும் தள்ளிப்போகும். மேலும், ஸ்டுடியோக்காரர் எந்த வரிசையில் சேர்த்தாரோ அதுதான் டைட்டில் வரிசை. அவர் ரிசப்ஷனை முதலில் எடிட் செய்திருந்தால் ரிசப்ஷன்தான் முன்னால் நிற்கும். தாளில் எழுதிய நீளத்தை வைத்தே பெயர் வையுங்கள். 32:40 நீளத்தில் இன்னொன்று இருக்கப்போவதில்லை.

## அறிகுறி 4: சாப்டர் இருக்கிறது, ஆனால் ஜதிக்கு நடுவில் வெட்டுகிறது

சாப்டர்படி பிரித்தால் ஐந்துக்குப் பதில் பதினைந்து துண்டு வருகிறது, ஒவ்வொன்றும் சரியாக 5 நிமிடம், கடைசி மட்டும் 3:50. இப்படி இருந்தால் மனிதர் யாரும் அந்தச் சாப்டர்களை வைக்கவில்லை. டேப்பிலிருந்து நேராக டிவிடி எழுதும் ரெக்கார்டரோ மென்பொருளோ 5 நிமிடத்துக்கு ஒரு குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் குறிகளால் நமக்குப் பயனில்லை.

தாளில் உள்ள நீளங்களைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு உருப்படியும் தொடங்கும் நேரம் கிடைக்கும்: 6:10, 11:30, 21:15, 35:20. அந்த நேரங்களில் வெட்டச் சொல்லுங்கள்:

```
mkvmerge -o arangetram.mkv --split timestamps:00:06:10,00:11:30,00:21:15,00:35:20 title_t00.mkv
```

இங்கே ஒரு நுணுக்கம். மறுபடி சுருக்காமல் வெட்டும்போது நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. முழுப்படமாகப் பதிவான ஃபிரேமில் மட்டும்தான் புதுத் துண்டு தொடங்கும். நம் ஊர் PAL வீடியோ முறை டிவிடியில் அதிகபட்சம் 15 ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது 0.6 விநாடிக்குள் அப்படி ஒன்று வரும். நீங்கள் சொன்ன நேரத்துக்கு அடுத்து எது வருகிறதோ அங்கே வெட்டு விழும். நட்டுவாங்கத்தின் முதல் தட்டு முந்தைய ஃபைலின் வாலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். உருப்படி தொடங்குவதற்கு ஒரு விநாடி முன்னால், மேடை இருட்டாக இருக்கும்போதே நேரத்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

பிரிக்க வேண்டாம், ஒரே ஃபைலாக இருக்கட்டும், தாவினால் மட்டும் சரியான இடத்துக்குப் போகட்டும் என்பவர்கள் MKVToolNix-இன் Chapter editor-இல் அந்தப் பதினைந்தையும் அழித்து, ஐந்து சாப்டர் போட்டுத் தமிழிலேயே பெயரும் வைக்கலாம். வர்ணம் மாதிரி நீளமானதற்குள் சரணம் தொடங்கும் இடத்தில் இன்னொரு குறி வைத்தால், நடன டீச்சர்கள் கும்பிடுவார்கள்.

## அறிகுறி 5: மெனுவே வரவில்லை

வராது. MKV, MP4 இரண்டிலும் டிவிடி மெனுவுக்கு இடமில்லை. எந்த மென்பொருளில் எந்த டிக்கைப் போட்டாலும் இதுதான். மெனுவோடு வேண்டும் என்றால் டிஸ்க்கை முழுசாக ISO ஃபைலாக எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் ImgBurn-இல் Create image file from disc போதும். VLC அந்த ISO-வைத் திறந்தால் பொத்தான்கள் உட்பட டிஸ்க் போலவே ஓடும். டிவியில் செருகிய பென்டிரைவிலிருந்து ISO பெரும்பாலும் ஓடாது. அதனால் நான் இரண்டும் எடுப்பேன்: அலமாரிக்கு ISO, டிவிக்கு MKV.

மெனு போனால் போகட்டும் என்று விடுவதற்கு முன் அதை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மாமி வீட்டு டிஸ்க்கில் மெனுவுக்குப் பின்னால் ஓடிய முப்பது விநாடியில், காலஞ்சென்ற பாட்டி கிரீன் ரூமில் பேத்திக்குத் திருஷ்டி கழிக்கிறார். நிகழ்ச்சிப் பதிவில் எங்கேயும் அந்தக் காட்சி இல்லை. ஸ்டுடியோக்காரர் மெனுவுக்கு மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார். டைட்டில்களை மட்டும் எடுத்திருந்தால் அது போயிருக்கும். மெனுப் படங்கள் VIDEO_TS.VOB என்ற ஃபைலிலோ, எண் 0-இல் முடியும் VTS_01_0.VOB போன்ற ஃபைல்களிலோ இருக்கும். இவற்றை மட்டும் நேராகக் காப்பி செய்து VLC-யில் திறந்தால் ஓடும், பொத்தான்கள்தான் இயங்காது.

## அறிகுறி 6: பாதியில் நிற்கிறது, டிரைவ் முனகுகிறது

முதலில் துடையுங்கள். மும்பை மழைக்காலம் நான்கைந்தைத் தாண்டிய டிஸ்க்கில் பூஞ்சைப் புள்ளி சகஜம். மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். தட்டு கழுவுவதுபோல வட்டமாகத் தேய்க்காதீர்கள். வட்டக் கீறல் பதிவு ஓடும் திசையிலேயே போவதால் அதிகச் சேதம் செய்யும்.

வேறு டிரைவ். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படிப்பது ஆச்சரியமில்லை. லேமிங்டன் ரோடு போய்ப் புது டிரைவ் வாங்குவதற்கு முன் அக்கம்பக்கத்தில் பழைய டெஸ்க்டாப் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பெரிய டிரைவ்கள், இப்போதைய மெல்லிய யூஎஸ்பி டிரைவ்களைவிடப் பொறுமையாகப் படிப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மேல்புறம் ஸ்டுடியோ ஒட்டிய தாள் ஸ்டிக்கர் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், அழுத்தி ஒட்டவைத்து மெதுவான வேகத்தில் படியுங்கள்.

ddrescue. லினக்ஸில் கிடைக்கும் இந்தச் சின்னக் கருவி முதலில் சுலபமாக வருவதையெல்லாம் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும்.

```
ddrescue -n -b 2048 /dev/sr0 disc1.iso disc1.map
ddrescue -d -r3 -b 2048 /dev/sr0 disc1.iso disc1.map
```

disc1.map என்ற ஃபைலை அழிக்காதீர்கள். எதெது வந்தது, எதெது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. முதல் டிரைவ் திணறினால் டிஸ்க்கை இரண்டாவது டிரைவில் போட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். விட்டுப்போன இடங்களை மட்டும் அது முயற்சி செய்யும். அப்புறம் அந்த ISO-வை MakeMKV-யிடம் கொடுத்து அறிகுறி 1-இலிருந்து தொடருங்கள். சில விநாடி கட்டம் கட்டமாக உடைந்தாலும் மீதி முழுக்கக் கிடைக்கும்.

## அறிகுறி 7: டிஸ்க்கில் பதிவு தெரிகிறது, கணினி காலி என்கிறது

அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் இரண்டு நிறத்தில் வளையமாகத் தெரிந்தால் படம் இருக்கிறது, டிஸ்க்கை முடித்து மூடவில்லை. கையடக்கக் கேமராக்களின் குட்டி டிவிடிகளில் இது வழக்கம். அதே கேமரா வீட்டில் இருந்தால் அதில் போட்டு Finalize என்பதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்க்கைப் போட்டதும் ரீஜன் மாற்றவா என்று கேட்டால் அதற்கும் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். டிவிடியின் ரீஜன் எண் இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1. ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது

நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் டிரைவில் போடவே கூடாது. வேகமாகச் சுழலும்போது சிதறி டிரைவையும் கெடுக்கும். ஓரத்தில் இரண்டு தகடுகளும் பிரிந்து உள்ளே காற்றுக்குமிழ் தெரிந்தாலும் அப்படியே. அடிப்பக்கக் கீறலை மெருகு போட்டு எடுத்துவிடலாம், அதற்கு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பதிவுப் படலம் வெளிறிப்போயிருந்தால் மெருகு உதவாது. இரண்டு டிரைவிலும் டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது கேமரா இல்லாமல் மூடாத குட்டி டிஸ்க் மட்டும் இருக்கிறது என்றால், தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். அதற்கு முன் இன்னும் நாலு முறை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம்.

செலவு பிடிக்கும் அந்த வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு ஃபோன் போடுங்கள். ஒன்று ஸ்டுடியோவுக்கு: மூல டேப் இன்னும் இருக்கிறதா என்று கேட்க. இன்னொன்று, இதே டிஸ்க்கின் இன்னொரு பிரதியை அன்றைக்குப் பரிசாக வாங்கிக்கொண்டு போன சித்திக்கோ அத்தைக்கோ. மாமியின் இரண்டாவது டிஸ்க் அப்படித்தான் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு பீரோவில், உறைகூடப் பிரிக்காமல்.